பணத்தை விடுவிக்கக் கேட்கும் மெயில்

கோவையில் இருந்தபடி அமெரிக்க பேக்கரி ஒன்றுக்கு இணையதளம் வடிவமைத்துத் தரும் ஃப்ரீலான்ஸர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் முன்பின் அறிமுகமில்லை. அதனால் வாடிக்கையாளர் 1,200 டாலரை முதலிலேயே ஒரு எஸ்க்ரோ நிறுவனத்திடம் கட்டிவிட்டார். வேலை ஏற்கப்பட்டதும் நிறுவனம் அந்தப் பணத்தை வடிவமைப்பாளருக்கு விடுவிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். வேலை முடிந்தது. வாடிக்கையாளரும் ஏற்றுக்கொண்டார். உடனே வடிவமைப்பாளர் இப்படி எழுதுகிறார்:

“வணக்கம். வேலையை முடித்து ஒரு வாரம் ஆகிறது. இரவு பகலாக உழைத்தேன். வாடிக்கையாளருக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வாடகை கட்ட வேண்டும், பணத்தைச் சீக்கிரம் அனுப்புங்கள். என் புதிய வங்கிக் கணக்கு எண் கீழே உள்ளது.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் இந்த மெயிலை வைத்துக்கொண்டு நிறுவனத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

காரணம், எஸ்க்ரோ நிறுவனத்தின் வேலை என்ன என்பதில் இருக்கிறது. இணையதளம் நன்றாக இருக்கிறதா, யார் எவ்வளவு உழைத்தார்கள் என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. எந்த நிபந்தனை நிறைவேறினால் பணத்தை விடுவிக்கலாம் என்று இரு தரப்பும் எழுதிக் கொடுத்திருக்கிறார்களோ, அது நிறைவேறிவிட்டதா என்பதை மட்டுமே பார்க்கும். உழைப்பும் வாடகையும் அந்த நிபந்தனையில் இல்லை. “பிடித்திருக்கிறது” என்பதும் ஏற்பு ஆகாது. போதாக்குறைக்கு, இது எந்தப் பரிவர்த்தனை என்றே மெயிலில் இல்லை.

ஆகவே திருத்தம் ஒப்பந்தத்தைத் திறந்து பார்ப்பதில் தொடங்க வேண்டும். இங்கே 4ஆவது பிரிவு, ஒப்படைத்த நாளிலிருந்து 7 நாள் வாடிக்கையாளர் சரிபார்க்கலாம், அவர் எழுத்தில் ஏற்றதும் பணம் விடுவிக்கப்படும் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெயில் அந்தப் பிரிவைப் பின்தொடர்ந்து எழுதப்பட வேண்டும். பொருள் வரியிலேயே பரிவர்த்தனை எண்ணும் “பணம் விடுவிக்கக் கோரிக்கை” என்ற சொற்களும் வந்துவிடட்டும். பிறகு:

“மேற்கண்ட பரிவர்த்தனையில் நான் விற்பவர். ஐந்து பக்க இணையதளத்தை மார்ச் 3 அன்று ஒப்படைத்தேன். வாடிக்கையாளர் மார்ச் 8 அன்று எழுத்தில் ஏற்றுக்கொண்டார். அந்த மெயிலை இணைத்திருக்கிறேன். ஒப்பந்தத்தின் 4ஆவது பிரிவின்படி 1,200 டாலரை, உங்களிடம் ஏற்கெனவே பதிவாகியுள்ள என் கணக்குக்கு விடுவிக்கக் கோருகிறேன். வேறு ஆவணமோ வாடிக்கையாளரின் நேரடி உறுதியோ தேவையென்றால் தெரிவியுங்கள். வாடிக்கையாளருக்கும் இதன் நகல் செல்கிறது.”

படிப்பவர் ஒவ்வொரு வரியையும் தன் கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். வாடிக்கையாளருக்கு நகல் அனுப்புவதும் முக்கியம். பல நிறுவனங்கள் பணம் கட்டியவரின் ஒப்புதலை அவரிடமிருந்தே நேரடியாகப் பெற விரும்பும். நகலைப் பார்த்த வாடிக்கையாளர் “ஆம், விடுவிக்கலாம்” என்று ஒரு வரி பதில் எழுதினாலோ, தன் கணக்கில் ஏற்பைப் பதிவு செய்தாலோ வேலை எளிதாகிவிடும்.

வங்கிக் கணக்கு எண்ணை எடுத்துவிட்டதைக் கவனிக்க வேண்டும். பிறருடைய மெயில் கணக்குக்குள் புகுந்து, “கணக்கு மாறிவிட்டது, இதற்கு அனுப்புங்கள்” என்று எழுதிப் பணத்தைத் திசைதிருப்புவது பரவலாக நடக்கும் மோசடி. கடைசி நேரத்தில் புதிய எண்ணைக் கண்டால் கவனமான நிறுவனம் பணத்தை நிறுத்திவிட்டு விசாரிக்கத்தான் செய்யும். கணக்கு உண்மையிலேயே மாறியிருந்தால், நிறுவனத்தின் தளத்தில் உள்நுழைந்து முன்கூட்டியே மாற்றிவிடுவது நல்லது.

இவ்வளவு சரியாக எழுதியும் சிக்கல் வரும் ஓரிடம் உண்டு. வாடிக்கையாளரின் மெயிலில், “எல்லாம் நன்று, ஏற்கிறேன், ஆனால் தொடர்புப் பக்கத்தின் படிவம் வேலை செய்யவில்லை” என்று இருந்தால் அது முழு ஏற்பா? நிறுவனம் அதை நிபந்தனையோடு கூடிய ஏற்பாகவே பார்க்கும். அந்த ஒரு வாக்கியத்தை மறைத்துவிட்டு முன்பாதியை மட்டும் இணைப்பது நேர்மையும் அல்ல, பயனும் தராது. நகல் வாடிக்கையாளரிடம் இருக்கிறது. படிவத்தைச் சரிசெய்து, “இப்போது முழுமையாக ஏற்கிறேன்” என்ற புதிய பதிலை வாங்கிய பிறகே கோரிக்கையை அனுப்ப வேண்டும்.

வாடிக்கையாளர் பதிலே போடாவிட்டால் மீண்டும் ஒப்பந்தம்தான் துணை. கெடு கடந்தால் ஏற்றதாகக் கொள்ளலாம் என்ற வரி அதில் இருந்தால், ஒப்படைத்த நாளையும் கெடு முடிந்த நாளையும் மெயிலில் குறிப்பிடலாம். அப்வொர்க் தளத்தின் நிலையான தொகை ஒப்பந்தங்களில் இது தானாகவே நடக்கிறது: வேலையைச் சமர்ப்பித்து 14 நாள் வரை வாடிக்கையாளர் எதுவும் செய்யாவிட்டால் பணம் விடுவிக்கப்படும். அப்படியொரு வரியே இல்லாத ஒப்பந்தத்தில் மௌனத்தைச் சம்மதமாகக் காட்ட முடியாது. முதலில் வாடிக்கையாளரிடம்தான் எழுத்தில் பதில் கேட்க வேண்டும். அவர் மறுப்புத் தெரிவித்துவிட்டால், இருவரும் சமரசத்துக்கு வரும்வரையோ, ஒப்பந்தம் சொல்லும் தீர்வு வழியோ நீதிமன்றமோ முடிவு சொல்லும்வரையோ பணம் நிறுவனத்திடமே இருக்கும்.