சாஃப்ட்வேரை விட்டு விலகும்போது: டேட்டா முதலில், அழிப்பு கடைசியில்

பில்லிங் சாஃப்ட்வேரை மாற்ற முடிவெடுத்த கடைக்காரர் பெரும்பாலும் முதலில் செய்வது, தமக்கு விற்ற பிரதிநிதிக்கு போன் போட்டு, "அடுத்த மாசத்துல இருந்து வேண்டாம் சார், நிறுத்திடுங்க" என்று சொல்வதுதான். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சில நாளில் லாகின் மூடிக்கொள்ளும். பழைய பில்கள், யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு, வாடிக்கையாளர் போன் நம்பர்கள் எல்லாம் நிறுவனத்தின் சர்வரிலேயே தங்கிவிடும். ஆண்டுச் சந்தாவில் மீதிப் பணமும் அங்கேயே நிற்கும்.

விலகும்போது நாம் கேட்க வேண்டியவை மூன்று: நம் டேட்டா நம் கைக்கு வர வேண்டும், பயன்படுத்தாத நாட்களுக்கான பணம் திரும்ப வேண்டும், அவர்களிடம் உள்ள நம் டேட்டா அழிக்கப்பட்டதற்கு எழுத்தில் உறுதி வேண்டும். இதில் வரிசை முக்கியம். டேட்டாவை எடுத்துச் சரிபார்க்கும் முன்பே அழிக்கச் சொல்லிவிட்டால், பிறகு யாராலும் மீட்டுத்தர முடியாது.

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை சந்தா ரூ.36,500. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.6,570. மொத்தம் ரூ.43,070 கட்டியாகிவிட்டது. ஒப்பந்தப்படி 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம். உரிமையாளர் அக்டோபர் இறுதியோடு முடித்துக்கொள்ள நினைக்கிறார்.

செப்டம்பரில் செய்ய வேண்டியது

நோட்டீஸ் அனுப்பும் முன்பே ஒருமுறை முழு டேட்டாவையும் எடுத்துப் பார்க்க வேண்டும். பில்களை பி.டி.எஃப். ஆக மட்டும் வாங்கிக்கொண்டால் போதாது. அதைப் படிக்கலாம், ஆனால் புது சாஃப்ட்வேரில் ஏற்ற முடியாது. எக்ஸெல் அல்லது சி.எஸ்.வி. வடிவில் நான்கு பட்டியல்கள் தேவை: சரக்குப் பட்டியல், வாடிக்கையாளர் மற்றும் சப்ளையர் பட்டியல், ஒவ்வொரு பில்லும் அதிலுள்ள ஒவ்வொரு வரியும், வரவு செலவு லெட்ஜர்.

வந்த ஃபைலைத் திறந்து பார்க்காமல் விட்டால் குறை பின்னால்தான் தெரியும். சி.எஸ்.வி. ஃபைலை நேராக எக்ஸெலில் திறந்தால், 12 இலக்க பார்கோடு 8.90E+11 என்பது போலச் சுருங்கித் தெரியலாம்; அந்த நிலையில் சேவ் செய்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும். பூஜ்யத்தில் தொடங்கும் எண்களில் அந்தப் பூஜ்யமே காணாமல் போகும். தமிழில் எழுதிய பெயர்கள் கோணல்மாணல் குறிகளாகத் தெரிந்தால், ஃபைல் UTF-8 என்ற எழுத்துமுறையில் படிக்கப்படவில்லை என்று அர்த்தம். அதனால் ஃபைலைத் திறக்காமல், எக்ஸெலின் டேட்டா மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து, எண் பத்திகளை "டெக்ஸ்ட்" என்று குறிப்பது நல்லது.

அடுத்து கூட்டுத்தொகை. ஏதாவது ஒரு மாதத்தை எடுத்து, ஃபைலில் உள்ள பில்களின் எண்ணிக்கையையும் விற்பனைத் தொகையையும் அந்த மாதம் தாக்கல் செய்த ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தோடு ஒப்பிட வேண்டும். வாடிக்கையாளர் பாக்கிகளின் மொத்தம், சாஃப்ட்வேர் திரையில் காட்டும் மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டும் சரியென்றால் டேட்டா முழுதாக வந்திருக்கிறது என்று ஓரளவு நம்பலாம்.

பழைய கணக்கு எதற்கு என்று தோன்றலாம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆவது பிரிவுப்படி, ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். 2024-25 கணக்கின் கெடு 2025 டிசம்பர் 31. ஆகவே அந்த ஆண்டின் பில்களை 2031 டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு கடைக்காரருடையது.

அக்டோபர் 1: நோட்டீஸ்

விலகல் கடிதத்தை ஒப்பந்தத்தில் "நோட்டீஸ்" என்ற தலைப்பின் கீழ் கொடுத்திருக்கும் மெயிலுக்கும் முகவரிக்கும் அனுப்ப வேண்டும். பிரதிநிதியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியது நோட்டீஸாக ஏற்கப்படும் என்று நம்பியிருக்க முடியாது. கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை:

"ஒப்பந்தத்தின் விலகல் பிரிவின்படி 30 நாள் நோட்டீஸ் தருகிறோம். 31.10.2025 இரவோடு சேவை முடிகிறது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை ரத்து செய்யவும். அன்றைய கடைசி டேட்டாவை மேலே குறிப்பிட்ட நான்கு பட்டியல்களாகத் தரவும். நாங்கள் எழுத்தில் சொல்லும்வரை எதையும் அழிக்க வேண்டாம். மீதமுள்ள 151 நாட்களுக்கான தொகையைக் கிரெடிட் நோட்டுடன் திருப்பித் தரவும்."

செப்டம்பரில் எடுத்தது ஒத்திகைதான். அக்டோபர் 31 அன்று கடையடைத்த பிறகு எடுப்பதே இறுதிப் பிரதி.

பணம் எவ்வளவு வரும்?

நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை 151 நாட்கள். 36,500-ஐ 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 100 ரூபாய். எனவே ரூ.15,100-ம், அதற்கான ஜி.எஸ்.டி. ரூ.2,718-ம் சேர்ந்து ரூ.17,818 வர வேண்டும். கடைக்காரர் முதலில் கட்டிய வரியை உள்ளீட்டு வரிச்சலுகையாக எடுத்திருந்தால், கிரெடிட் நோட் வந்ததும் இந்த 2,718-ஐத் திருப்பிக் காட்ட வேண்டும். வரியுடன் கிரெடிட் நோட் கொடுக்கக் கெடுவும் உண்டு: 2025-26 பில்லுக்கு 2026 நவம்பர் 30, அல்லது நிறுவனம் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள், எது முந்தியோ அது.

ஆனால் இந்தத் தொகை தானாகக் கிடைக்காது. பல ஒப்பந்தங்களில், நம் விருப்பத்தில் விலகினால் ரீஃபண்ட் இல்லை, நிறுவனம் வாக்குத் தவறினால் மட்டுமே உண்டு என்று இருக்கும். அப்படியானால், சேவை முடங்கிய நாட்கள், தீர்க்கப்படாத புகார் எண்கள் ஆகியவற்றைத் தேதியோடு எழுதி, ஒப்பந்தம் சொல்லும் கால அவகாசம் கொடுத்து, அதன் பிறகே விலக வேண்டும். இன்னொரு பிரிவையும் தேடிப் படியுங்கள்: இடையில் விலகினால் ஆண்டுத் தள்ளுபடி ரத்து என்பது. மாத விலை 4,000 என்றால் ஏழு மாதத்துக்கு 28,000 கழித்து, 15,100-க்குப் பதில் 8,500 மட்டும் வரும்.

அழித்ததற்கு அத்தாட்சி

இறுதிப் பிரதி புது சாஃப்ட்வேரில் ஏறி, ஒரு மாதக் கணக்கும் தாக்கலாகிய பிறகு அழிக்கச் சொல்லலாம். வாடிக்கையாளர்களின் பெயரும் போன் நம்பரும் அவர்கள் நம்மை நம்பிக் கொடுத்தவை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தேவை முடிந்த தரவைத் தான் அழிப்பதோடு தனக்காகக் கையாளும் நிறுவனத்தையும் அழிக்க வைக்கும் கடமையைக் கடைக்காரர் போன்றவர் மீதே வைக்கிறது. அந்தச் சட்டம் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகிறது.

"டெலிட் பண்ணியாச்சு" என்ற ஒருவரி மெயில் அத்தாட்சி ஆகாது. கணக்கின் பெயர், அழித்த தேதி, பொறுப்பான அதிகாரியின் பெயரும் கையொப்பமும் அதில் இருக்க வேண்டும். நடப்பு டேட்டாபேஸ், சோதனைக்காக எடுத்த பிரதிகள், புகாரோடு நாம் அனுப்பிய ஃபைல்கள், அவர்கள் வேலை ஒப்படைத்த பிற நிறுவனங்கள் என ஒவ்வொன்றையும் தனித்தனியே சொல்ல வேண்டும். பேக்கப்பிலிருந்து ஒரு கடையின் டேட்டாவை மட்டும் உடனே பிரித்தெடுப்பது பெரும்பாலும் முடியாது. அது சுழற்சியில்தான் அழியும். எனவே "பேக்கப் எந்தத் தேதிக்குள் அழியும்?" என்று கேட்டு அந்தத் தேதியை எழுதி வாங்க வேண்டும். நமக்கு அவர்கள் போட்ட பில்களை வரிச் சட்டத்துக்காக வைத்திருப்பார்கள், அது நியாயமே.

நம் பக்கத்துக் கதவையும் நாமே மூட வேண்டும். அந்த நிறுவனத்துக்குக் கொடுத்த இ-இன்வாய்ஸ் லாகின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பேமென்ட் கேட்வே சாவியை ரத்து செய்யுங்கள், வங்கியில் ஆட்டோ டெபிட் அனுமதியை நிறுத்துங்கள்.

இந்த மூன்றையும் கேட்கும் உரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில்தான் எளிதாகக் கிடைக்கும். எனவே அடுத்த சாஃப்ட்வேரை வாங்கும்போது, விலைப் பேச்சு முடிவதற்கு முன்பே, எந்த வடிவில் டேட்டா தருவீர்கள், மீதி நாளுக்குப் பணம் உண்டா, எத்தனை நாளில் அழிப்பீர்கள் என்ற மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.