மெஷின் வரும் முன்பே வாரண்டி ஓடத் தொடங்கிவிடும்

கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் உள்ள சிறு பட்டறைகளில் இந்தக் காட்சி அடிக்கடி கண்ணில் படும். பல லட்ச ரூபாய் கடனில் வாங்கிய புதிய சி.என்.சி. லேத் ஒன்று பாலித்தீன் உறைகூடக் கழற்றாமல் மூலையில் நிற்கும். கேட்டால், "டீலர் ஆள் அனுப்பலைங்க" என்பார் உரிமையாளர். டீலரைக் கேட்டால், "அவங்க சைட் ரெடி இல்லைங்க" என்பார். இரண்டுமே போனில் சொன்ன பேச்சு. எழுத்தில் ஒரு வரி இருக்காது. வங்கித் தவணை மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருக்கும்.

அப்படி நின்ற ஒரு மெஷினின் கணக்கைப் பார்ப்போம். கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனை இது: வாரண்டி கமிஷனிங் ஆன நாளிலிருந்து 12 மாதம், அல்லது தொழிற்சாலையிலிருந்து அனுப்பிய நாளிலிருந்து 15 மாதம், இவற்றில் எது முந்தியோ அது. மெஷின் கிளம்பியது ஜனவரி 10. தரை சரியில்லை, கூடுதல் லோடு வரவில்லை, இன்ஜினியருக்கு நேரமில்லை என்று இழுத்து, ஓட ஆரம்பித்தது ஜூன் 20. அடுத்த ஜூன் வரை வாரண்டி இருப்பதாக உரிமையாளர் நம்பிக்கொண்டிருந்தார். அனுப்பிய தேதியின்படி அது ஏப்ரல் 9-ஆம் தேதியே முடிந்துவிட்டது. மே மாதம் ஸ்பிண்டில் டிரைவ் போனது. செலவு முழுக்க அவர் தலையில் விழுந்தது.

இதில் டீலர் யாரையும் ஏமாற்றவில்லை. கையெழுத்துப் போட்ட காகிதத்தில் எல்லாம் இருந்தது. ஆகவே பர்ச்சேஸ் ஆர்டர் கொடுக்கும் முன் வாரண்டி வரியைத் தேடிப் படியுங்கள். "எது முந்தியோ" என்ற சொல் இருந்தால், அந்த இரண்டு கெடுவுக்கும் இடையிலான மாதங்களைத் தாண்டும் ஒவ்வொரு நாள் தாமதமும் உங்கள் வாரண்டியிலிருந்து கழிகிறது என்று அர்த்தம்.

அந்த ஆர்டரிலேயே இன்னொன்றையும் எழுதி வாங்க வேண்டும். டீலர் ஆள் அனுப்ப வேண்டும் என்ற அவசரம் அவருக்கு எப்போது இருக்கும்? அவருக்கு வர வேண்டிய பணம் நம்மிடம் பாக்கி இருக்கும்போது. ஆனால் கடனில் வாங்கும்போது புரோஃபார்மா இன்வாய்சை வைத்து வங்கி முழுத் தொகையையும் டீலர் கணக்குக்கே அனுப்பிவிடுவது வழக்கம். பிறகு நம் கையில் பிடி இல்லை. எனவே 10 சதவீதம் கமிஷனிங் முடிந்து, அறிக்கையில் கையெழுத்தான பிறகே தரப்படும் என்று ஆர்டரில் எழுதி, அதே நிபந்தனையை வங்கி மேலாளரிடமும் எழுத்தில் கொடுங்கள். பணம் போன பிறகு இதைக் கேட்டுப் பயனில்லை.

அடுத்தது நம் பக்கத்து வேலை. டீலர் 'சைட் ரெடி இல்லை' என்று சொல்லும்போது பாதி நேரம் அது உண்மையாகவே இருப்பதுதான் வருத்தம். ஆர்டர் கொடுத்த அன்றே லே-அவுட் படத்தையும், தள ஆயத்தப் பட்டியலையும் கேட்டு வாங்க வேண்டும். தயாரிப்பாளர் ஒவ்வொருவரும் மாடலுக்கேற்ப அதை அச்சடித்தே வைத்திருக்கிறார். யாரும் கேட்பதில்லை, டீலரும் தானாகக் கொடுப்பதில்லை.

அதில் அதிகம் தவறுவது மூன்று இடங்களில். முதலாவது தரை. சிறிய சி.என்.சி. லேத்தே மூன்று நான்கு டன் எடை இருக்கும். கான்கிரீட் முழு பலம் பெற 28 நாள் கணக்கு. போன வாரம் போட்ட தரைமேல் மெஷினை இறக்கினால் இன்று ஒன்றும் தெரியாது. ஒரு மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் நுணுக்கமுள்ள லெவலை வைத்து இன்ஜினியர் சமன்படுத்திவிட்டுப் போவார். தரை அமுங்கியதும் லெவல் தவறும், பீசில் டேப்பர் விழும். மெஷின் மோசம் என்று நாம் கத்துவோம். தரை மோசம் என்று அவர்கள் எழுதிவிட்டுப் போவார்கள்.

இரண்டாவது மின்சாரம். அனுமதி பெற்ற லோடு 25 கிலோவாட், இப்போது ஓடுவது 18 என்று வைத்துக்கொள்வோம். 15 கே.வி.ஏ. மெஷினுக்குச் சுமார் 13, கம்ப்ரசருக்கு 3.7 கிலோவாட். மொத்தம் 35-ஐத் தொடுகிறது. மின் பகிர்மானக் கழகத்தின் பிரிவு அலுவலகத்துக்கான கூடுதல் லோடு விண்ணப்பத்தை ஆர்டர் கொடுத்த வாரமே போட்டுவிட வேண்டும். எஸ்டிமேட், பணம் கட்டுதல், மீட்டர் மாற்றுதல் என்று அது அதன் வேகத்தில்தான் நகரும். உங்கள் மெஷின் லாரியில் ஏறியது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அவசரப்பட மாட்டார்கள். விண்ணப்ப எண்ணை வைத்துக்கொண்டு நேரில் போய்க் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது எர்த். பழைய மோட்டார்களுக்குப் போட்ட எர்த்தையே புது மெஷினுக்கும் இழுத்துக் கொடுப்பது பட்டறை வழக்கம். மெஷினுக்கென்று தனி எர்த் குழி வேண்டும் என்றே பட்டியல்கள் கேட்கின்றன. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மற்ற மெஷின்கள் எல்லாம் ஓடும் நேரத்தில் அளக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அளந்தால் எல்லாமே நன்றாகத்தான் காட்டும். அந்த வோல்ட் அதிகமாக இருந்தால் இன்ஜினியர் பவர் போட மறுப்பார். மறுப்பதும் நியாயம்தான், போர்டு எரிந்தால் வாரண்டியில் வராது.

இவை முடிந்ததும் டீலருக்கு மின்னஞ்சலில் கடிதம் போடுங்கள். "சீக்கிரம் ஆள் அனுப்பவும்" என்ற ஒற்றை வரி கடிதமாகாது. கடிதம் இப்படி இருக்கட்டும்:

"பொருள்: எங்கள் பர்ச்சேஸ் ஆர்டர் எண், தேதி; சி.என்.சி. லேத் இன்ஸ்டலேஷன் மற்றும் கமிஷனிங் தேதி வேண்டி.

ஐயா, நீங்கள் தந்த தள ஆயத்தப் பட்டியலின்படி எங்கள் சைட் தயாராக உள்ளது. தரை: ஆர்.சி.சி., ஜூன் 2-இல் போட்டது, ஜூன் 30-உடன் 28 நாள் முடிந்தது. மின்சாரம்: லோடு 36 கிலோவாட்டாக உயர்த்தப்பட்டது, ஆணை இணைப்பில். மெஷின் நிற்கும் இடம்வரை கேபிள் இழுத்து, ஸ்டெபிலைசர் பொருத்தியாயிற்று. எர்த்: தனிக் குழி இரண்டு. ஜூன் 28-இல் வேலை நேரத்தில் அளந்தபோது நியூட்ரல்–எர்த் 1.4 வோல்ட். காற்று: 6 பார், டிரையருடன். வழி: கேட் அகலம் 11 அடி, ஷட்டர் உயரம் 12 அடி. இறக்கும் கிரேன் எங்கள் பொறுப்பு. உங்கள் பட்டியலில் உள்ள ஆயிலும் கூலன்ட்டும் சோதனைக்கான பார் துண்டுகளும் வாங்கி வைத்துள்ளோம். படங்கள் இணைப்பில்.

ஜூலை 8 முதல் மெஷினை இறக்கிக்கொள்ளலாம். அனுப்பும் தேதி, இன்ஜினியர் வரும் தேதி, கமிஷனிங் முடியும் தேதி, ஆபரேட்டர் பயிற்சி நாட்கள் ஆகிய நான்கையும் ஜூலை 5-க்குள் எழுத்தில் தெரிவிக்கவும். சைட்டில் குறை உண்டு என்று கருதினால் எது என்பதையும் அதற்குள் குறிப்பிடவும். இன்ஜினியர் வரும் தேதி உறுதியாகாமல் மெஷினை அனுப்ப வேண்டாம்."

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். குறையை இப்போதே சொல் என்று கேட்டுவிட்டதால், பின்னால் 'சைட் ரெடி இல்லை' என்று அவர் சொல்வது எளிதில் நிற்காது. ஆள் வரும் தேதி இல்லாமல் அனுப்பாதே என்று எழுதிவிட்டதால், மாதக் கடைசியில் விற்பனைக் கணக்கு காட்டுவதற்காக மெஷினை முன்கூட்டியே தள்ளிவிட்டால் அந்தத் தாமதம் யாருடையது என்பது காகிதத்தில் இருக்கும். தேதி மாறினால், மாறிய தேதியையும் எழுத்தில் வாங்குங்கள். போனில் பேசினால், பேசியதை அன்றே ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்.

மெஷின் வந்து இறங்கும்போது பெட்டி உடைந்திருந்தால் லாரிக்காரரின் ரசீதில் அதை எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள், படம் எடுங்கள், இன்ஷூரன்சுக்கும் டீலருக்கும் அன்றே தெரிவியுங்கள். பயணத்துக்காகப் பூட்டிய கிளாம்ப்புகளைக் கழற்ற வேண்டாம், பவர் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். "நம்ம எலக்ட்ரீசியனுக்கு எல்லாம் தெரியும்" என்று போட்டுப் பார்த்து வாரண்டியை இழந்தவர்கள் உண்டு. திரும்பவும் சொல்கிறேன்: இன்ஜினியர் வரும்வரை பவர் போடாதீர்கள்.

அவர் வேலை முடித்து நீட்டும் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் கடைசித் தவறு. அதில் கமிஷனிங் முடிந்த தேதி, வாரண்டி தொடங்கும் தேதி, சோதனைத் துண்டின் அளவுகள், பயிற்சி தந்த நாட்கள் இருக்கிறதா என்று பாருங்கள். மெஷினை லெவல் மட்டும் பண்ணிவிட்டு, டூல் டரட்டில் கோளாறு பாக்கி என்றால், 'இன்ஸ்டலேஷன் மட்டும் முடிந்தது, கமிஷனிங் பாக்கி' என்று உங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்திடுங்கள். 'சைட் ரெடி இல்லை' என்று அவர் எழுதியிருந்தால், ஏற்கவில்லை என்றும், கடிதத் தேதியையும் கீழே குறிப்பிடுங்கள். ஒரு நகலை அப்போதே வாங்குங்கள்.

கடிதம் போட்டு, மெஷின் வந்து இறங்கிய பிறகும் ஆள் வரவில்லையா? சரக்குகள் விற்பனைச் சட்டம், 1930-இன்படி, நிராகரிப்பதாகத் தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் பொருளை வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். அது எத்தனை நாள் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. விற்றவர் சிறுதொழில் உற்பத்தியாளராகப் பதிந்தவர் என்றால், 2006-ஆம் ஆண்டுச் சட்டம் 15 நாள் என்று கணக்கே வைத்திருக்கிறது: பொருள் வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் இல்லையென்றால் ஏற்றதாகக் கருதப்படும். யாராக இருந்தாலும் அந்த 15 நாளைக் கெடுவாக வைத்துக்கொண்டு ஆட்சேபக் கடிதத்தைப் ஸ்பீடு போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். நகலைத் தயாரிப்பாளரின் சர்வீஸ் பிரிவுக்கும் அனுப்புங்கள். டீலர் அசையாத இடத்தில் பெரும்பாலும் அதுதான் அசைக்கும்.

அதற்கும் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்ச ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். ஒன்று கவனம்: வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கென்றே வாங்கி, தானே நடத்துகிறவருக்கு மட்டும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்குத் தருகிறது. அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பெரிய நிறுவனம் என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான் வழி, அங்கே வருடங்கள் ஆகும்.

எங்கே போனாலும் முதலில் கேட்பது கடிதத்தைத்தான். ஆர்டர், தேதி கேட்ட கடிதம், அளவுகள், லாரி ரசீது, கமிஷனிங் அறிக்கை என்ற ஐந்தும் ஒரே ஃபைலில் இருக்கட்டும். அடுத்த மெஷினுக்கு முன்பணம் கட்டப் போகிறவர்கள் இன்றே கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, வாரண்டி எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். அனுப்பிய தேதியிலிருந்து என்றால், கையெழுத்துப் போடும் முன் அதை மாற்றச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு டீலரிடம் கொட்டேஷன் கேளுங்கள்.