சினைப்பைக் கட்டி: ஸ்கேன் படத்தில் எளியது எது, சிக்கலானது எது?

அல்ட்ராசவுண்ட் கருவி ஒலியலைகளை உடலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலிகளைக் கொண்டு படம் வரைகிறது. திசுக்களில் பட்டுச் சிதறும் ஒலி திரும்பி வருவதால் அவை சாம்பலாகவும் வெள்ளையாகவும் தெரிகின்றன. தெளிந்த நீரிலோ ஒலியைத் திருப்பி அனுப்ப எதுவுமில்லை. ஆகவே அந்த இடம் முழுக் கருப்பாகத் தெரியும். சினைப்பையில் இருப்பது வெறும் நீர்க்கட்டியா, வேறு பொருள்களும் கலந்த சிக்கலான கட்டியா என்று பார்ப்பவர் முதலில் தேடுவது இந்தக் கருமையைத்தான்.

ஸ்கேன் அறிக்கைகளில் 'சிம்பிள் சிஸ்ட்' என்று எழுதப்படும் எளிய நீர்க்கட்டிக்கு நான்கு அடையாளங்கள் உண்டு. உட்புறம் முழுக் கருப்பாக இருக்க வேண்டும். சுவர் மெல்லியதாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். உள்ளே தடுப்புச் சுவரோ சதை வளர்ச்சியோ இருக்கக் கூடாது. கட்டிக்குப் பின்னால் உள்ள திசு, அதே ஆழத்தில் பக்கத்தில் இருக்கும் திசுவைவிடப் பளிச்சென்று தெரிய வேண்டும். நீரைக் கடக்கும்போது ஒலி அதிகம் வலுவிழப்பதில்லை என்பதால் பின்புறத்திலிருந்து வரும் எதிரொலி ஓங்கியிருக்கும். அந்த வெளிச்சப் பட்டை உள்ளே இருப்பது நீர்மம் என்பதற்குச் சாட்சி. நான்கில் ஒன்று குறைந்தாலும் அதை எளிய நீர்க்கட்டி என்று எழுதுவதில்லை.

மாதவிடாய் வரும் பெண்களிடம் 3 செ.மீ. வரையுள்ள இத்தகைய கரும்பை, அந்த மாதத்தில் வளரும் சினைமுட்டைப் பையாகவே கருதப்படுகிறது, அது நோயன்று. பேச்சு வழக்கில் 'நீர்க்கட்டி' என்று சொல்லப்படும் பி.சி.ஓ.டி.யில் தெரிபவையும் வளர்ச்சி பாதியில் நின்ற சில மில்லிமீட்டர் அளவு சினைமுட்டைப் பைகளே. இங்கே பேசப்படும் கட்டிகள் வேறு. எளிய நீர்க்கட்டி 3 செ.மீ.க்கு மேல் இருந்தாலும் புற்றுநோய் அச்சம் மிகக் குறைவு. அமெரிக்காவில் சுமார் 72,000 பெண்களின் ஸ்கேன்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், எளிய நீர்க்கட்டி இருந்த 50 வயதுக்கு உட்பட்ட ஏறத்தாழ 13,000 பேரில் ஒருவருக்கும் சினைப்பைப் புற்றுநோய் காணப்படவில்லை. 50 வயதைக் கடந்த சுமார் 2,300 பேரில் ஒருவருக்கு மட்டுமே காணப்பட்டது.

அந்த உறுதி, கட்டியை முழுமையாகப் பார்த்திருந்தால் மட்டுமே செல்லும். திரையில் நிறுத்திவைத்த ஒரு படம் கட்டியின் ஒரேயொரு குறுக்குவெட்டுதான். 4 மி.மீ. உயரமுள்ள சதைத் துளிர் அடுத்த வெட்டில் ஒளிந்திருக்கலாம். அதனால் ஸ்கேன் செய்பவர் நெடுக்காகவும் குறுக்காகவும் கட்டியின் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்பு வரை கருவியை மெல்ல நகர்த்தி, சுவர் முழுவதையும் பார்க்கிறார். சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொண்டு வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் பெரிய கட்டியின் முழு எல்லை தெரியும், நுண்விவரம் தெரியாது. சிறுநீரைக் கழித்தபின் யோனி வழியாகப் பார்க்கும் ஸ்கேனில் கருவி சினைப்பைக்கு மிக அருகில் இருப்பதால், அதிக அதிர்வெண்ணில் சுவரின் சிறு மேடுகளும் புலப்படும். திருமணமாகாத பெண்களுக்கு இந்த இரண்டாவது முறை பெரும்பாலும் செய்யப்படுவதில்லை. அவர்களின் அறிக்கையில் 'சரியாகப் பார்க்க இயலவில்லை' என்று இருந்தால், கட்டி சிக்கலானது என்று அதற்குப் பொருளில்லை.

படமே ஏமாற்றுவதும் உண்டு. கருவியின் 'கெயின்' அளவை அதிகம் கூட்டினால் தெளிந்த நீரிலும் புள்ளிகள் முளைக்கும். மிகவும் குறைத்தால் கட்டிக்குள் உண்மையாகவே இருக்கும் மங்கிய சாம்பல் மறைந்து கருப்பாகிவிடும். கருவிக்கு அருகிலுள்ள சுவரை ஒட்டி, ஒலி முன்னும் பின்னும் எதிரொலிப்பதால் பொய்க் கோடுகள் விழுவது வழக்கம். கருவியின் கோணத்தை மாற்றினால் பொய்க் கோடு கலையும் அல்லது இடம்பெயரும். உண்மையான திசு கட்டியின் அதே இடத்தில் நிலைத்திருக்கும். நிறைந்த சிறுநீர்ப்பையை நீர்க்கட்டி என்றும், பெரிய நீர்க்கட்டியைச் சிறுநீர்ப்பை என்றும் கருதிவிடும் தவறும் நேர்வதுண்டு. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி மீண்டும் பார்த்தால் அது தீர்ந்துவிடும்.

கட்டிக்குள் நீரைத் தவிர வேறு ஏதேனும் தெரிந்தால் அறிக்கையில் 'காம்ப்ளெக்ஸ்' என்ற சொல் இடம்பெறுகிறது. பலரும் அதைப் புற்றுநோய் என்று படித்துப் பதறுகிறார்கள். ஆனால் பழைய இரத்தம், கொழுப்பு, முடி, சளி போன்ற நீர்மம், உயிருள்ள சதை என்று எது இருந்தாலும் அறிக்கையில் வருவது அதே சொல்தான். இவற்றுள் கவலைக்குரியது உயிருள்ள சதைதான். ஆகவே உள்ளே தெரிவது தேங்கிக் கிடக்கும் பொருளா, சுவரிலிருந்து வளர்ந்து இரத்த ஓட்டம் பெற்ற திசுவா என்று பிரித்தறிவதே சிக்கலான கட்டியை ஆராய்வதன் மையம்.

அதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது வடிவம். இரத்தக் கட்டி உறைந்து சுருங்கும்போது அதன் விளிம்பு உட்புறமாகக் குழியும் அல்லது நேராக நிற்கும். வளரும் சதையோ கட்டியின் உள்வெளியை நோக்கிப் புடைக்கும். சுவரிலிருந்து 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் உள்ளே நீண்டிருக்கும் இத்தகைய சதை, துளிர் வளர்ச்சியாகக் கணக்கிடப்படுகிறது. இரண்டாவது அசைவு. கருவியால் மெல்ல அழுத்தினால் உறைகட்டி குலுங்கும். வேரூன்றிய சதை சுவரோடு சேர்ந்தே நகரும். மூன்றாவது, கலர் டாப்ளர் காட்டும் இரத்த ஓட்டம். மெதுவான ஓட்டத்தையும் பிடிக்கும்படி கருவியின் வேக அளவுகோலைத் தாழ்த்தி வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் சதைக்குள் வண்ணம் தெரிந்தால் அது உயிருள்ள திசு. வண்ணம் தெரியாவிட்டால் ஆறுதல்தான். ஆனால் சிறிய அல்லது ஆழத்தில் உள்ள திசுவின் ஓட்டம் பிடிபடாமல் போகலாம் என்பதால் அது முழு உறுதியாகாது. சுவரில் மட்டும் வளையமாக வண்ணம் தெரிவது, முட்டை வெளியேறியபின் உண்டாகும் மஞ்சள் உடலத்தின் இயல்பு.

இந்த முறை நடைமுறையில் எப்படி அமையும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மாதவிடாய் ஒழுங்காக வரும் 36 வயதுப் பெண்ணுக்கு, சுழற்சியின் 22ஆம் நாளில் வலது அடிவயிற்றில் திடீர் வலி. கர்ப்பப் பரிசோதனை செய்ததில் கர்ப்பம் இல்லை. வயிற்றின் மேல் செய்த ஸ்கேனில் வலது சினைப்பையில் 5.4 செ.மீ. கட்டி, உள்ளே சாம்பல் நிறக் கலங்கலும் ஒரு பக்கம் திரண்ட பகுதியும் தெரிய, 'காம்ப்ளெக்ஸ் சிஸ்ட்' என்று அறிக்கை வருகிறது. யோனி வழி ஸ்கேனில், கலங்கலாகத் தெரிந்தது மீன்வலை போன்ற மெல்லிய இழைப் பின்னல் என்று விளங்குகிறது. இழைகள் உறைந்த இரத்தத்தின் நார்கள். கட்டியின் ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை உறுதியாகச் செல்லும் தடுப்புச் சுவர்கள் அல்ல. திரண்ட பகுதியின் விளிம்பு உட்குழிந்திருக்கிறது, அழுத்தினால் குலுங்குகிறது, டாப்ளரில் சுவரில் மட்டுமே வண்ணம், உள்ளே எங்கும் இல்லை. இவையெல்லாம் சேர்ந்து, மஞ்சள் உடலத்துக்குள் இரத்தம் கசிந்து உண்டான கட்டி என்று காட்டுகின்றன.

முடிவை உறுதிசெய்வது காலம். 8 முதல் 12 வாரங்களில், மாதவிடாய் வந்த முதல் பத்து நாட்களுக்குள் மறுஸ்கேன் செய்யப்படுகிறது. அப்போது புதிய மஞ்சள் உடலம் உருவாகியிருக்காது என்பதால் குழப்பம் இராது. இரத்தக் கட்டி கரைந்து சினைப்பை இயல்பாகத் தெரிந்தால் விஷயம் அத்தோடு முடிகிறது. கட்டி அப்படியே நின்று, திரண்ட பகுதி குலுங்காமல் உள்ளே வண்ணமும் காட்டினால் முதல் கணிப்பைக் கைவிட வேண்டும். இடையில் வலி கடுமையாகி வாந்தியும் வந்தால், சினைப்பை முறுக்கிக்கொண்டதா என்று பார்க்க மறுஸ்கேன் நாள்வரை காத்திருக்கக் கூடாது.

இவ்வாறு தோற்றத்தைக் கொண்டே அடையாளம் காணத்தக்க புற்றுநோயல்லாத சிக்கலான கட்டிகள் வேறு இரண்டு உண்டு. எண்டோமெட்ரியோசிஸ் நோயில் பழைய இரத்தம் தேங்கிய கட்டி, தேய்த்த கண்ணாடி போல் ஒரே சீரான மங்கிய சாம்பலாக இருக்கும். இரத்தக் கசிவுக் கட்டி போல இது சில வாரங்களில் கரைவதில்லை. டெர்மாய்டு கட்டியில் கொழுப்பும் முடியும் பளிச்சென்ற வெள்ளைத் திரளாகத் தெரியும். அதன் பின்னால் ஒலி போகாததால் நிழல் விழும். அந்த நிழல் கட்டியின் பின்சுவரையே மறைத்துவிடுவதால் அளவு தவறாகக் கணக்கிடப்படுவதும் உண்டு.

புற்றுநோயைச் சந்தேகிக்க வைக்கும் தோற்றங்களை ஐயோட்டா என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு 2008இல் எளிய விதிகளாக வகுத்தது. ஒழுங்கற்ற திடக் கட்டி, வயிற்றில் நீர் தேக்கம், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட துளிர் வளர்ச்சிகள், 10 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட ஒழுங்கற்ற பல அறைத் திடக் கலவைக் கட்டி, மிக வலுவான இரத்த ஓட்டம் ஆகிய ஐந்தும் தீய அடையாளங்கள். ஒற்றை அறை, 7 மி.மீ.க்குக் குறைந்த திடப் பகுதி, நிழல் விழுதல், 10 செ.மீ.க்குக் குறைந்த வழவழப்பான பல அறைக் கட்டி, இரத்த ஓட்டமின்மை ஆகிய ஐந்தும் நல்ல அடையாளங்கள். ஒரு பக்கத்து அடையாளங்கள் மட்டும் இருந்தால் விதி விடை தரும். இரண்டும் கலந்திருந்தாலோ எதுவுமே இல்லாவிட்டாலோ விடை இல்லை. ஏறத்தாழ நான்கில் மூன்று கட்டிகளுக்கே இந்த விதிகள் பொருந்துகின்றன. மீதமுள்ளவற்றை அனுபவமுள்ள நிபுணர் மீண்டும் ஸ்கேன் செய்து பார்ப்பார் அல்லது எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புவார்.

வயது இந்தக் கணக்கை மாற்றும். மாதவிடாய் நின்ற பெண்ணின் சினைப்பையில் மாதாமாதம் முட்டை முதிர்வதில்லை. எனவே இரத்தக் கசிவுக் கட்டி என்ற விளக்கம் அவருக்குப் பொதுவாகப் பொருந்தாது. 36 வயதில் காத்திருந்து பார்க்கத்தக்க அதே படம் 60 வயதில் உடனடி ஆய்வுக்கு உரியது.

ஸ்கேன் சொல்வது சாத்தியத்தின் அளவை மட்டுமே. திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபின்தான் புற்றுநோய் என்று உறுதியாகும். புற்றுநோய்ச் சந்தேகமுள்ள கட்டியில் ஊசி குத்தி நீரெடுத்துப் பார்ப்பதும் தவிர்க்கப்படுகிறது. கட்டி கசிந்து செல்கள் வயிற்றுக்குள் பரவக்கூடும் என்பதால் அதை உடையாமல் முழுதாக அகற்றியே ஆய்வுக்கு அனுப்ப முயல்கிறார்கள்.