இருட்டில் தோன்றும் பட்டைகள்

விடுதித் தொலைக்காட்சியில் இணையவழிப் படம் பார்க்கும் அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். இரவுக் காட்சி வந்ததும் வானம் சீராகக் கறுக்காது. பட்டை பட்டையாகவும் கட்டம் கட்டமாகவும் தெரியும். 2019-இல் வெளிவந்த ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் ‘தி லாங் நைட்’ பகுதியைப் பார்த்தோர் பலர் இக்குறையைக் கூறினர். காரணம் யாது?

வழக்கமான எட்டு பிட் படத்தில் கருமை முதல் வெண்மை வரை 220 படிகளே உண்டு; இருட்டுக்குக் கிடைப்பவை அவற்றுள் சில. அனுப்புவதற்காகப் படத்தைக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும்போது, இருட்டின் நுண்ணிய வேறுபாடுகள் மேலும் கழிந்துபோகின்றன. மிஞ்சிய படிகளின் விளிம்பே பட்டையாகத் தெரிகிறது.

இருண்ட காட்சியொன்றை நிறுத்திவைத்து நான் செய்து பார்த்த முறை இது. முதலில் படவகையை Vivid-இலிருந்து Cinema-வுக்கு மாற்றினேன். அடுத்து Dynamic Contrast-ஐ அணைத்தேன். அது படிகளின் இடைவெளியை இழுத்துப் பெரிதாக்குவது. பிறகு Black Level-ஐ ஒவ்வொன்றாகக் குறைத்து, படத்தின் மேலும் கீழும் உள்ள வெற்றுப் பட்டைகள் நன்கு கறுத்ததும் நிறுத்தினேன். அதற்கும் கீழே போனால் ஆடையின் மடிப்புகள் மறைந்துவிடும். கடைசியாக Smooth Gradation-ஐ Low-வில் வைத்தேன். அடுத்தடுத்த படிகளை அது கலந்துவிடுவதால் வானம் சீராயிற்று. High-இல் வைத்தாலோ முகச் சுருக்கங்களும் சேர்ந்தே அழிகின்றன.

இதற்கும் எல்லை உண்டு. கழிந்துபோன நுணுக்கத்தைத் தொலைக்காட்சி மீட்டுத் தராது. பலரும் பார்க்கும் மாலையில் மட்டும் கட்டங்கள் பெருகினால், குறை இணைப்பில் உள்ளது என்றறிக.