தலைப்புக்குக் கீழே ஒரு வரி

எட்டுப் பக்கக் கட்டுரை. தலைப்பு 'மண்ணுக்குள் ஒரு தேடல்'. அதன் கீழே 'நிலத்தடி நீர் பற்றிய விரிவான அலசல்' என்று போட்டால் வாசகருக்கு எதுவும் பிடிபடாது. 'புதிதாகப் போர்வெல் போடுபவர்களுக்கு: இடம் பார்ப்பது, ஆழம் முடிவு செய்வது, குழாய் இறக்குவது, பழைய போர்வெல்லைச் சீரமைப்பது இதில் இல்லை' என்று எழுதிப் பாருங்கள். யாருக்கு, என்ன உண்டு, எது இல்லை என்ற மூன்றும் வந்துவிடும். பழைய போர்வெல் வற்றியவர் உடனே பக்கத்தைப் புரட்டிவிடுவார். அது நஷ்டமல்ல, வரி தன் வேலையைச் செய்திருக்கிறது.

இதைக் கட்டுரை முடிந்த பிறகே எழுத வேண்டும். முன்பே எழுதினால், எழுத நினைத்தது வரியில் நிற்கும், எழுதியது வேறாக இருக்கும். வரியில் சொன்ன ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு பத்தியைக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள், முடியாததை அடித்துவிடுங்கள்.