முறுக்கு ஆலையில் மூன்று முறைமைகள்

மாணவர்களே, வணிகக் கணினியியல் புதிர்ப்போட்டியில் இப்படி ஒரு கேள்வி வருகிறது: 'மேலாளர் ஒருவர் விலையை மாற்றினால் இலாபம் எப்படி மாறும் என்று பார்க்க விரும்புகிறார். அவருக்கு ஏற்றது எது?' கீழே மூன்று விடைகள்: எம்.ஐ.எஸ். எனும் நிர்வாகத் தகவல் முறைமை, இ.ஆர்.பி. எனும் நிறுவன வளத் திட்டமிடல், டி.எஸ்.எஸ். எனும் முடிவாதரவு முறைமை. மூன்றிலும் தரவு உண்டு, அறிக்கை உண்டு, மேலாளரும் உண்டு. பலர் தடுமாறுவது இதனால்தான்.

பெயர்களை ஒதுக்கிவிட்டு, கிள்ளானில் ஒரு முறுக்கு ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கடை 200 பொட்டலம் கேட்கிறது. விற்பனைப் பிரிவு ஊழியர் அதைக் கணினியில் ஒரே ஒரு முறை பதிகிறார். உடனே கிடங்குக் கணக்கில் 200 பொட்டலம் அந்தக் கடைக்கென ஒதுக்கப்படுகிறது. இருப்பு குறைந்தால், மாவு வாங்க வேண்டும் என்று கொள்முதல் பிரிவுக்குத் தெரிகிறது. சரக்கு அனுப்பப்பட்டதும் கணக்குப் பிரிவில் விலைப்பட்டியல் தயாராகிறது. எல்லாப் பிரிவுகளும் ஒரே தரவுத்தளத்தைப் பயன்படுத்துவதால் யாரும் மறுபடி தட்டச்சு செய்வதில்லை. இதுதான் இ.ஆர்.பி. அன்றாட வேலையை நடத்துவதே அதன் பணி.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஊழியர் 200 என்பதற்குப் பதில் 20 என்று பதிந்துவிட்டால், அந்தப் பிழையும் எல்லாப் பிரிவுகளுக்கும் போய்விடும். கிடங்கு, கணக்கு இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுவதால் கணினிக்குள் முரண்பாடே தெரியாது. கடைக்காரர் அழைத்துக் கேட்கும்போதோ, கிடங்கில் உள்ள பொட்டலங்களைக் கையால் எண்ணிப் பார்க்கும்போதோதான் பிழை வெளிப்படும்.

அடுத்து, ஒவ்வொரு திங்கட்கிழமையும் மேலாளரின் மேசைக்கு ஓர் அறிக்கை வருகிறது. கடந்த வாரம் எந்தக் கடையில் எவ்வளவு விற்றது, எந்தக் கடை இலக்கை எட்டவில்லை என்று அது சுருக்கிச் சொல்கிறது. கேள்வி வாரந்தோறும் ஒன்றுதான், எண்கள் மட்டும் மாறுகின்றன. இது எம்.ஐ.எஸ். நடந்ததைத் தொகுத்துக் காட்டுவதே அதன் பணி.

இப்போது தீபாவளி நெருங்குகிறது. சிறப்பு முறுக்கு 800 பொட்டலம் செய்வதா, 1,000 செய்வதா? ஒரு பொட்டலத்தின் அடக்கவிலை 4 ரிங்கிட், விற்பனை விலை 7 ரிங்கிட். விற்காதது வீண். எத்தனை பேர் வாங்குவார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அறிக்கை மட்டும் போதாத இடம் இது. மேலாளர் ஒரு கணக்கு மாதிரியில் எண்களை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்.

1,000 பேர் வாங்கினால், 800 செய்தவருக்கு இலாபம் 2,400 ரிங்கிட். 1,000 செய்தவருக்கு 3,000. ஆனால் 700 பேர் மட்டுமே வாங்கினால், 800 செய்தவருக்கு 1,700. 1,000 செய்தவருக்கு வெறும் 900. அதாவது கூடுதலாகச் செய்தால் 600 ரிங்கிட் கூடலாம், அல்லது 800 ரிங்கிட் குறையலாம்.

அடக்கவிலை 3 ரிங்கிட்டாகக் குறைந்தால்? ஓர் எண்ணை மட்டும் மாற்றியதும் படம் தலைகீழாகிறது. இப்போது கூடுதலாகச் செய்தால் 800 ரிங்கிட் கூடலாம், அல்லது 600 குறையலாம். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். இதுதான் டி.எஸ்.எஸ். இது விடை சொல்வதில்லை; ஒவ்வொரு வழியின் விளைவையும் காட்டுகிறது. முடிவெடுப்பவர் மேலாளர்தான். 700, 1,000 என்ற ஊகங்கள் தவறாக இருந்தால் அவற்றிலிருந்து வரும் விளைவுகளும் தவறாகவே இருக்கும்.

இனி புதிர்க் கேள்விகளில் வினைச்சொல்லைக் கவனியுங்கள். 'பிரிவுகளை இணைக்கிறது', 'ஒரே தரவுத்தளம்' என்றால் இ.ஆர்.பி. 'வாரந்தோறும்', 'மாதந்தோறும்', 'சுருக்க அறிக்கை' என்றால் எம்.ஐ.எஸ். 'இப்படிச் செய்தால் என்ன ஆகும்', 'மாற்றுவழிகளை ஒப்பிடுகிறது' என்றால் டி.எஸ்.எஸ். எனவே, முதலில் கண்ட கேள்விக்கு விடை டி.எஸ்.எஸ்.

'அறிக்கை' என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு எம்.ஐ.எஸ். என்று பொத்தானை அழுத்தாதீர்கள். உண்மையான நிறுவனங்களில் இம்மூன்றும் தனித்தனி அறைகளில் இருப்பதில்லை. இ.ஆர்.பி. சேகரித்த தரவிலிருந்தே திங்கட்கிழமை அறிக்கை தயாராகலாம். அந்த அறிக்கையின் எண்களே தீபாவளிக் கணக்குக்கு அடிப்படையாகலாம். ஒரே மென்பொருள்கூட மூன்று வேலையையும் செய்யலாம். ஆகவே கேள்வியைப் படிக்கும்போது மென்பொருளின் பெயரைத் தேடாமல், அங்கே நடக்கும் வேலை எது என்று பாருங்கள்: பதிந்து நடத்துவதா, தொகுத்துக் காட்டுவதா, மாற்றிப் பார்ப்பதா?