செல்லுக்குள் குடியேறிய பாக்டீரியா

மனித செல்களில் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும், இலைகளில் சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கும் பசுங்கணிகமும் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்களின் வழித்தோன்றல்கள். அந்த பாக்டீரியாக்கள் வேறொரு செல்லுக்குள் புகுந்து, செரிக்கப்படாமல் தங்கி, அங்கேயே பெருகி, நாளடைவில் அந்தச் செல்லின் உறுப்புகளாகவே ஆகிவிட்டன. இதை விளக்குவதே அகக்கூட்டுயிர்க் கொள்கை.

பசுங்கணிகத்தைச் செல் புதிதாகச் செய்துகொள்வதில்லை, இருப்பதே இரண்டாகப் பிரிந்து பெருகுகிறது என்பதை 1883-இல் ஆந்திரியாஸ் ஷிம்பர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் எழுதினார். ரஷ்யரான மெரெஷ்கோவ்ஸ்கி 1905-இல் அதை ஒரு முழுக் கொள்கையாகவே முன்வைத்தார். ஆனால் நுண்ணோக்கியில் தெரிந்த உருவ ஒற்றுமைக்கு மேல் அப்போது சான்று இல்லாததால் பலரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1960-களின் தொடக்கத்தில் இவ்விரு உறுப்புகளுக்குள்ளும் தனி டி.என்.ஏ. இருப்பது தெரியவந்தது. பல இதழ்கள் திருப்பியனுப்பிய லின் மார்குலிஸின் கட்டுரை 1967-இல் வெளியாகி, பழைய எண்ணத்தை மீண்டும் விவாதத்துக்குக் கொண்டுவந்தது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருந்தது. செல்லின் சொந்த மரபணுக்களில் ஒரு பகுதியே பிரிந்துபோய்ச் சவ்வுக்குள் அடைபட்டு இந்த உறுப்புகள் உருவாகியிருக்கலாமே என்று அவர்கள் கேட்டார்கள். தனி டி.என்.ஏ. இருப்பது மட்டும் இதற்குப் பதில் ஆகாது. அந்த டி.என்.ஏ. யாருடைய உறவு என்பதைக் காட்ட வேண்டியிருந்தது.

அதற்கான முதல் தடயம் புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களில் கிடைத்தது. மைட்டோகாண்ட்ரியாவும் பசுங்கணிகமும் தமக்கென்று தனி ரைபோசோம்களை வைத்திருக்கின்றன. குளோரம்ஃபெனிக்கால் என்ற மருந்து பாக்டீரியாவின் ரைபோசோமை முடக்கும். செல்லின் பொது ரைபோசோம்களை அது தொடுவதில்லை, ஆனால் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம்களை முடக்கிவிடுகிறது. சைக்ளோஹெக்ஸிமைடு இதற்கு நேர்மாறானது. பொது ரைபோசோம்களை அது நிறுத்தினாலும் பாக்டீரியாவும் மைட்டோகாண்ட்ரியாவும் தப்பிவிடுகின்றன. ஒரே செல்லுக்குள் இரண்டு வகை ரைபோசோம்கள் உள்ளன, அவற்றில் ஒன்று பாக்டீரியா வகையைச் சேர்ந்தது என்பதையே இந்த இரு மருந்துகளும் காட்டுகின்றன.

இந்த உறவு மனிதர்களின் காதையே பறித்ததும் உண்டு. காசநோய்க்குத் தரப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், கடும் தொற்றுகளுக்குத் தரப்படும் ஜென்டாமைசின் ஆகியவை அமினோகிளைகோசைடு வகை மருந்துகள். அளவு மிகுந்தால் இவை யாருடைய செவியையும் பாதிக்கக்கூடும். சில குடும்பங்களிலோ வழக்கமான அளவே கேட்கும் திறனை நிரந்தரமாகப் போக்கிவிட்டது. அந்தப் பாதிப்பு தாய்வழியாகவே தொடர்ந்தது. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே குழந்தைக்கு வருவதால் ஆய்வாளர்களின் கவனம் அங்கே திரும்பியது. 1993-இல் காரணம் பிடிபட்டது. மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில் 1555-ஆம் இடத்தில் A என்ற எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் G இருந்தது. அந்த இடம் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வுக்கான மரபணுவில் உள்ளது. மனித மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் காலப்போக்கில் சற்று உருமாறியதால்தான் இந்த மருந்துகள் அதில் எளிதில் ஒட்டாமல் இருந்தன. ஓர் எழுத்து மாறியதும் அந்தப் பகுதி மீண்டும் பாக்டீரியாவின் அமைப்பை நெருங்கிவிடுகிறது. மருந்து அதையும் பாக்டீரியாவாகவே எண்ணிப் பற்றிக்கொள்கிறது. உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிகின்றன, அவை மறுபடி முளைப்பதில்லை.

வழக்கைத் தீர்த்துவைத்தது ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் எழுத்து வரிசைதான். எல்லா உயிர்களிலும் இருக்கும் இந்த மூலக்கூறு மிக மெதுவாக மாறுவதால், இரண்டு உயிர்களின் வரிசையை ஒப்பிட்டால் உறவின் நெருக்கம் தெரிந்துவிடும். 1970-களில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் லிண்டா போனென், ஃபோர்டு டூலிட்டில் ஆகியோர் ஒரு சிவப்புப்பாசியை எடுத்துச் சோதித்தார்கள். எதிர்த்தரப்பு சொன்னது சரியென்றால், பாசியின் பசுங்கணிக ஆர்.என்.ஏ. அதே பாசியின் உட்கரு மரபணுக்களிலிருந்து வரும் ஆர்.என்.ஏ.வை ஒத்திருக்க வேண்டும். அப்படி இல்லை. அது பாக்டீரியாக்களின் ஆர்.என்.ஏ.வைத்தான் ஒத்திருந்தது. பசுங்கணிகத்தின் நெருங்கிய உறவு சயனோபாக்டீரியா, அதாவது நீலப்பசும்பாசி என்பது பின்னர் உறுதியானது. கோதுமையின் மைட்டோகாண்ட்ரியாவும் பாக்டீரியாவின் பக்கமே நின்றது. இன்று அதன் உறவு ஆல்ஃபா புரோட்டியோபாக்டீரியா என்ற பெருங்குழுவோடு இணைக்கப்படுகிறது. டைஃபஸ் காய்ச்சலை உண்டாக்கும் ரிக்கெட்சியா அந்தக் குழுவைச் சேர்ந்ததே. அந்தக் குழுவின் எந்தக் கிளை மிக நெருக்கமானது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு தொடர்கிறது.

பாக்டீரியா என்றால் அதைப் பிரித்தெடுத்துத் தனியாக வளர்க்க முடியவேண்டுமே என்று கேட்கத் தோன்றும். முடியாது, ஏனெனில் மரபணுக்களில் பெரும்பாலானவை அதனிடம் இல்லை. ரிக்கெட்சியாவில் புரதங்களுக்கான 834 மரபணுக்கள் உள்ளன. மனித மைட்டோகாண்ட்ரியாவிலோ புரதத்துக்கென்று 13 மரபணுக்களே மிச்சம். அதற்குத் தேவைப்படும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மற்றப் புரதங்களின் மரபணுக்கள் உட்கருவில் இருக்கின்றன. சில தேவையற்றுப்போய் அழிந்தன, பல உட்கருவுக்கு இடம்பெயர்ந்தன.

அந்த இடப்பெயர்ச்சி இன்றும் நடப்பதை ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஜெரெமி டிம்மிஸ் குழுவினர் புகையிலைச் செடியில் 2003-இல் காட்டினார்கள். கனமைசின் மருந்தைத் தாங்கும் மரபணு ஒன்றைப் பசுங்கணிகத்துக்குள் வைத்தார்கள். உட்கருவுக்குள் போனால் மட்டுமே வேலைசெய்யும்படி அதை அமைத்திருந்தார்கள். அந்தச் செடியின் மகரந்தத்தைச் சாதாரணச் செடியின் பூவில் சேர்த்தார்கள். புகையிலையில் மகரந்தம் வழியாகப் பசுங்கணிகம் பொதுவாகக் கடப்பதில்லை. எனவே அந்த மரபணு நாற்றுக்கு வந்திருந்தால் உட்கரு வழியாகத்தான் வந்திருக்க முடியும். சுமார் 2,50,000 நாற்றுகள் கனமைசின் கலந்த ஊடகத்தில் வளர்க்கப்பட்டன. ஏறக்குறைய எல்லாமே வெளிறிப்போயின, காரணம் கனமைசின் பசுங்கணிகத்தின் பாக்டீரியா வகை ரைபோசோமை முடக்கியதுதான். 16 நாற்றுகள் மட்டும் பச்சையாக நின்றன. ஏறத்தாழ 16,000 மகரந்தத் துகள்களில் ஒன்றில் மரபணு இடம்பெயர்ந்திருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் இது எவ்வளவு தூரம் சென்றிருக்கும் என்பதை இந்த விகிதமே உணர்த்துகிறது.

மார்குலிஸ் சொன்ன எல்லாமே நிலைக்கவில்லை. செல்கள் நீந்தப் பயன்படுத்தும் கசையிழைகளும் சுருள்வடிவ பாக்டீரியாக்களிலிருந்து வந்தவை என்று அவர் கருதினார். கசையிழைக்குத் தனி டி.என்.ஏ.வும் இல்லை, ரைபோசோமும் இல்லை. அதன் புரதங்களில் அத்தகைய பாக்டீரியாவின் சாயலும் தெரியவில்லை. மைட்டோகாண்ட்ரியாவும் பசுங்கணிகமும் தேறிய அதே சோதனைகளில் அந்தக் கருத்து தோற்றது.

மைட்டோகாண்ட்ரியாவே முதலில் வந்தது. உட்கரு உள்ள உயிர்களில் ஏறக்குறைய அனைத்திலும் அதுவோ அதன் எச்சமோ உண்டு, பசுங்கணிகம் தாவரங்களிலும் பாசிகளிலும் மட்டுமே காணப்படுகிறது. மைட்டோகாண்ட்ரியாவை ஏற்ற செல் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்ப் பிரிவைச் சேர்ந்தது என்பதற்கு 2015 முதல் வலுவான சான்றுகள் கிடைத்துவருகின்றன. ஆனால் பாக்டீரியா உள்ளே நுழைந்தபோது அந்தச் செல்லில் உட்கரு ஏற்கெனவே இருந்ததா, பிறகுதான் உருவானதா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை.